நூல் மில் பெயரில் வந்த மோசடி மின்னஞ்சல்: பணியாளர்களுக்கான எச்சரிக்கை அறிவிப்பின் வரைவைப் பார்த்துச் சொல்லுங்கள்

தறிமேடை | திங்கள், காலை 9.40

அனைவருக்கும் வணக்கம். திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் கணினிப் பிரிவைக் கவனித்து வருகிறேன். பிரிவு என்று சொன்னாலும் நானும் ஓர் உதவியாளரும் மட்டுமே இருக்கிறோம். மின்னஞ்சல் கணக்கு வைத்திருப்பவர்கள் ஏறத்தாழ 140 பேர்.

கடந்த வியாழக்கிழமை மதியம் கணக்குப் பிரிவு, மெர்ச்சண்டைசிங், ஸ்டோர் ஆகிய மூன்று இடங்களிலும் சேர்த்து 31 பேருக்கு "Revised Purchase Order" என்ற தலைப்பில் ஒரு மின்னஞ்சல் வந்தது. எங்களுக்குப் பல ஆண்டுகளாக நூல் தரும் ஒரு மில்லின் பெயரில் வந்திருந்த அதில், பெயர்பெற்ற கோப்புப் பகிர்வுச் சேவை ஒன்றின் இணைப்பு இருந்தது. அதைத் திறந்தால் மங்கலாக்கப்பட்ட ஒரு பிடிஎஃப் தெரியும். அதன்மேல் இருக்கும் பொத்தானை அழுத்தினால் எங்கள் மின்னஞ்சலின் நுழைவுப் பக்கத்தை அப்படியே ஒத்த பக்கம் வரும். இரண்டு பேர் அதில் கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டார்கள். இது சனிக்கிழமைதான் எனக்குத் தெரிய வந்தது.

இன்று மாலைக்குள் எல்லோருக்கும் ஓர் எச்சரிக்கை அறிவிப்பு அனுப்புமாறு நிர்வாகம் கேட்டிருக்கிறது. என் வரைவு இது:

> அனைத்துப் பணியாளர்களின் கவனத்திற்கு. நம் நிறுவனத்தைக் குறிவைத்து மோசடி மின்னஞ்சல்கள் வருகின்றன. அனுப்புநரின் முகவரியைச் சரிபார்க்கவும். எழுத்துப் பிழையுள்ள மின்னஞ்சல்களை நம்ப வேண்டாம். பூட்டுச் சின்னம் இல்லாத தளங்களில் கடவுச்சொல்லைத் தர வேண்டாம். கீழே உள்ள இணைப்பின் வழியாக உடனடியாகக் கடவுச்சொல்லை மாற்றவும். தவறினால் 24 மணி நேரத்தில் கணக்கு முடக்கப்படும். கவனக்குறைவாக நடப்பவர்கள் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்படும். – கணினிப் பிரிவு

இதில் விடுபட்டது ஏதேனும் இருந்தால் தெரிவிக்க வேண்டுகிறேன்.

முத்துச்சரம் | 9.58

வரைவு தெளிவாகத்தான் இருக்கிறது. பூட்டுச் சின்னத்தைப் பற்றிய வரியை மட்டும் தடித்த எழுத்தில் போடுங்கள். எங்கள் அலுவலகத்திலும் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிவருகிறோம். இருபடிச் சரிபார்ப்பை எல்லோருக்கும் கட்டாயமாக்கியிருந்தால், யாராவது கடவுச்சொல்லைக் கொடுத்தாலும் அலைபேசியில் ஒப்புதல் இல்லாமல் உள்ளே நுழைய முடியாது என்பதால், நீங்கள் இவ்வளவு பதற வேண்டிய தேவையும் இருக்காது.

காவற்படி | 10.35

தறிமேடை ஐயா, தவறாக எண்ண வேண்டாம். உங்கள் அறிவிப்பை உங்கள் நிறுவனத்தின் பெயரை எடுத்துவிட்டு என்னிடம் யாராவது காட்டியிருந்தால் அதையே மோசடி மின்னஞ்சல் என்று சொல்லியிருப்பேன். கெடு வைக்கிறது, கணக்கு முடங்கும் என்று மிரட்டுகிறது, இணைப்பைச் சொடுக்கிக் கடவுச்சொல்லை மாற்றச் சொல்கிறது. இதை நம்பி நடக்கும் பணியாளர் அடுத்த வாரம் இதே பாணியில் வேறொருவர் அனுப்புவதையும் நம்பித்தான் நடப்பார். எச்சரிக்கை அறிவிப்பில் இணைப்பே இருக்கக் கூடாது.

அடுத்து, நீங்கள் எழுதியிருக்கும் மூன்று அடையாளங்களையும் வியாழக்கிழமை வந்த மின்னஞ்சலில் பொருத்திப் பாருங்கள். அது மில்லின் உண்மையான முகவரியிலிருந்து வந்ததா, அதைப் போன்ற வேறொரு முகவரியிலிருந்து வந்ததா? எழுத்துப் பிழை இருந்ததா? போலிப் பக்கத்தில் பூட்டுச் சின்னம் இருந்ததா?

முத்துச்சரம் அவர்களுக்கு: உங்களுக்கும் அந்தத் தளத்துக்கும் இடையில் போகும் தகவலை வழியில் யாரும் படிக்க முடியாது என்பதை மட்டுமே பூட்டுச் சின்னம் உணர்த்துகிறது. அந்தத் தளத்தை நடத்துபவர் நல்லவரா என்பதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. அதற்கான சான்றிதழ் இன்று யாருக்கும் சில நிமிடங்களில் இலவசமாகவே கிடைக்கிறது. மோசடிக்காரர்கள் அதை வாங்காமல் தளம் அமைப்பது அரிது.

தறிமேடை | 10.52

மூன்றுமே பொருந்தவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். மின்னஞ்சலோடு மறைவாக வரும் தலைப்புத் தகவலைப் பார்த்தேன்; அனுப்புநரின் முகவரி போலியா என்று சோதிக்கும் spf, dkim, dmarc மூன்றிலும் pass என்றுதான் இருக்கிறது. மில்லில் விசாரித்தபோது அவர்களுடைய விற்பனைப் பிரிவில் ஒருவரின் கணக்கு ஏற்கெனவே களவுபோயிருப்பது தெரிந்தது. பழைய மின்னஞ்சல் உரையாடலுக்குப் பதில் எழுதுவதுபோல அனுப்பியிருந்ததால் கீழே எங்களுடைய உண்மையான உரையாடலும் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. பிழையும் இல்லை, பூட்டும் இருந்தது.

இருபடிச் சரிபார்ப்பு எங்களிடமும் இருக்கிறது. சிக்கிய இருவரும் அலைபேசியில் எண்ணைத் தட்டி ஒப்புதல் கொடுத்ததாகவே சொல்கிறார்கள்.

முத்துச்சரம் | 11.03

அப்படியானால் ஒப்புதல் கொடுத்தது அவர்கள் பிழைதானே? அது இல்லாமல் எப்படி உள்ளே போக முடியும்?

காவற்படி | 11.30

அவர்கள் கண்ணுக்கு அது தாங்களே நுழையும் நுழைவு, ஐயா. போலிப் பக்கம் வெறும் படமாக இருப்பதில்லை. இடையில் உட்கார்ந்திருக்கும் தரகராக வேலை செய்கிறது. நீங்கள் தட்டும் கடவுச்சொல்லை அந்த நொடியிலேயே உண்மையான தளத்திடம் கொடுக்கிறது. உண்மையான தளம் கேட்கும் எண்ணை உங்களிடம் காட்டுகிறது. நீங்கள் அலைபேசியில் ஒப்புதல் தருகிறீர்கள். நுழைவு முடிந்ததும் உண்மையான தளம், நீங்கள் உள்ளே வந்துவிட்டீர்கள் என்பதற்கான அடையாளச் சீட்டாக ஒரு குக்கீயை அனுப்புகிறது. அது உங்கள் உலாவிக்கு வராமல் தரகரிடம் தங்கிவிடுகிறது. அந்தக் குக்கீ செல்லுபடியாகும்வரை அவருக்குக் கடவுச்சொல்லும் தேவையில்லை, உங்கள் அலைபேசியும் தேவையில்லை. ஓடிபியும் இதே வழியில்தான் போகும். தள முகவரியோடு பிணைக்கப்பட்ட பாஸ்கீயும் பாதுகாப்புச் சாவியும் மட்டுமே இந்த இடத்தில் மறுத்துவிடும், ஏனென்றால் முகவரி வேறு என்பதை மனிதர் கவனிக்காவிட்டாலும் அவை கவனிக்கும்.

இதனால்தான் சிக்கியவரிடம் "கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள்" என்பதோடு நிறுத்திக்கொள்வது போதாது. அந்தக் கணக்கில் ஏற்கெனவே நுழைந்து திறந்திருக்கும் எல்லா அமர்வுகளையும் நிர்வாகப் பக்கத்திலிருந்து நீங்கள்தான் துண்டிக்க வேண்டும். அந்தக் கணக்கில் புதிதாக ஏதாவது அலைபேசி ஒப்புதலுக்காகப் பதிவாகியிருக்கிறதா என்றும், மின்னஞ்சலைத் திருப்பிவிடும் விதி ஏதாவது எழுதப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். உங்களுடையது மைக்ரோசாஃப்ட் 365 என்றால்:

```
Revoke-MgUserSignInSession -UserId user@example.com
Get-InboxRule -Mailbox user@example.com -IncludeHidden | Format-List
```

முதல் கட்டளை கொடுத்த பிறகும் ஏற்கெனவே வழங்கப்பட்ட அனுமதி ஏறத்தாழ ஒரு மணி நேரம் உயிரோடிருக்கக் கூடும். ஆகவே முதலில் கணக்கை முடக்கிவிட்டு, எல்லாவற்றையும் பார்த்து முடித்த பிறகு திறந்துவிடுவதே என் வழக்கம்.

செல்லக்கிளி | 11.41

நல்ல நேரத்தில் இந்த இழையைப் பார்த்தேன். என் மாமனாருக்கு "இன்று இரவு 9.30 மணிக்கு மின் இணைப்பு துண்டிக்கப்படும், இந்த எண்ணுக்கு அழைக்கவும்" என்று எஸ்எம்எஸ் வந்து, அவர் அழைத்து, அவர்கள் சொன்ன செயலியை நிறுவி, ரூ. 18,000 போய்விட்டது. நேற்று மாலைதான் நடந்தது. இதற்கும் இந்தக் குக்கீதான் காரணமா? யாரிடம் புகார் சொல்ல வேண்டும்?

காவற்படி | 11.46

அம்மா, அது வேறு வகை. குக்கீயைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். இந்த நொடியே 1930 என்ற எண்ணை அழையுங்கள், பிறகு cybercrime.gov.in தளத்தில் புகாரைப் பதிவுசெய்யுங்கள். பணம் இன்னும் இடைக்கணக்கு எதிலாவது நின்றுகொண்டிருந்தால் அதை நிறுத்திவைக்க வாய்ப்பிருக்கிறது. ஒவ்வொரு மணி நேரத்துக்கும் அது குறையும். வங்கிக்கும் தெரிவியுங்கள். அந்தச் செயலி திரையைத் தொலைவிலிருந்து பார்க்கும் வகையாக இருக்கும் என்பதால் அலைபேசியின் இணையத்தை அணைத்துவிட்டு வேறொரு அலைபேசியிலிருந்து அழைக்கச் சொல்லுங்கள்.

தறிமேடை | பிற்பகல் 12.20

கட்டளைகளுக்கு நன்றி. மெர்ச்சண்டைசர் ஒருவரின் கணக்கில் உண்மையாகவே ஒரு விதி இருந்தது. அதன் பெயர் வெறும் ஒரு புள்ளி. bank, payment, invoice ஆகிய சொற்களில் ஒன்று இருக்கும் மின்னஞ்சல்களை எல்லாம் RSS Feeds என்ற கோப்புறைக்கு நகர்த்தி, படித்ததாகக் குறிக்கும்படி எழுதியிருந்தார்கள். அந்தக் கோப்புறையை யார் திறந்து பார்க்கப்போகிறார்கள்? அதில் வெளிநாட்டு பையர் ஒருவரின் பதில் கிடந்தது: "உங்கள் வங்கிக் கணக்கு மாறியதாக எழுதியிருக்கிறீர்கள், உறுதிப்படுத்தவும்." எங்கள் மெர்ச்சண்டைசர் அப்படி எதுவும் எழுதவில்லை. நல்லவேளையாக அந்த பையரின் அலுவலகத்திலிருந்து சனிக்கிழமை தொலைபேசியிலும் அழைத்துக் கேட்டார்கள். அதனால்தான் விஷயமே வெளியே வந்தது. பணம் எதுவும் போகவில்லை.

இதைவிட என்னை உறுத்துவது வேறொன்று. எங்கள் ஸ்டோரில் இருபது ஆண்டுகளாக வேலை பார்க்கும் ஒரு பெரியவர் வியாழன் மாலை 4 மணிக்கே இந்த மின்னஞ்சலைச் சந்தேகப்பட்டிருக்கிறார். எப்படி என்று கேட்டேன். "பர்சேஸ் ஆர்டர் நாம மில்லுக்கு அனுப்புறது தம்பி. மில்லுக்காரன் நமக்கு எதுக்கு அனுப்புறான்? அவன் அனுப்புறது இன்வாய்ஸ்தானே" என்றார். தலைப்புத் தகவலை எல்லாம் அலசிய நான் அதைக் கவனிக்கவே இல்லை. ஏன் உடனே சொல்லவில்லை என்றால், யாரிடம் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை; சனிக்கிழமை டீ குடிக்கும்போது பேச்சுவாக்கில் என் உதவியாளரிடம் சொல்லியிருக்கிறார்.

தாழிசை | 1.05

நான் கணினித் துறையைச் சேர்ந்தவள் அல்ல. ஒரு மருத்துவமனையில் பணியாளர் பிரிவில் இருக்கிறேன். எங்களிடம் இப்படி ஒன்று நடந்தபோது வெளியான அறிவிப்பில் உங்களுடையதைப் போலவே "ஒழுங்கு நடவடிக்கை" என்ற வரி இருந்தது. அடுத்த மாதம் ஒரு செவிலியர் இணைப்பைச் சொடுக்கிவிட்டு, பயந்துபோய் அந்த மின்னஞ்சலையே அழித்துவிட்டார். மூன்று நாள் யாரிடமும் சொல்லவில்லை. உங்கள் இரண்டு பேரும் தாங்களாகவே முன்வந்து சொன்னார்களா, நீங்கள் கண்டுபிடித்தீர்களா? அந்த வரி போனால் இதற்கு வேறு விடை கிடைக்கும் என்றே நினைக்கிறேன். அடுத்தமுறை முதலில் சொல்பவருக்கு நீங்கள் நன்றி சொல்வதைப் பத்துப் பேர் பார்க்க வேண்டும்.

முத்துச்சரம் | 1.22

இதை நான் ஏற்கவில்லை. பொறுப்பே இல்லை என்றால் யாரும் கவனமாக இருக்க மாட்டார்கள். ஒரே ஆள் மூன்றாவது முறையும் சொடுக்கினால் என்ன செய்வது?

தாழிசை | 1.30

மூன்றாவது முறை சொடுக்கியவரை அழைத்துத் தனியாகப் பேசுங்கள். அதற்கு 140 பேருக்குமான அறிவிப்பில் இடம் எதற்கு?

வேலியோரம் | 1.48

தொடர்பு எண் ஒன்றே ஒன்றாக இருக்கட்டும், ஐயா. மூன்று எண்களும் இரண்டு மின்னஞ்சல் முகவரிகளும் ஒரு படிவமும் கொடுத்தால் எதுவும் வந்து சேராது. களவுபோன கணக்கிலிருந்து மின்னஞ்சலில் புகார் சொன்னால் உள்ளே இருப்பவர் அதையும் படிப்பார் என்பதால், முதல் வழி தொலைபேசி உள்எண்ணாக இருப்பதே சரி. சந்தேகத்துக்குரிய மின்னஞ்சலை உங்களிடம் சேர்ப்பதற்கு உங்கள் மென்பொருளில் இருக்கும் Report பொத்தான் போதும். அது இல்லாதவர்கள் சாதாரணமாக ஃபார்வர்டு செய்யாமல் இணைப்புக் கோப்பாகச் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். ஃபார்வர்டு செய்தால் தலைப்புத் தகவல் உங்களிடம் வந்து சேராது. ஆனால் இதை அறிவிப்பில் விளக்கத் தொடங்கினால் யாரும் படிக்க மாட்டார்கள். "அழிக்காமல் வைத்திருங்கள், நாங்கள் வந்து பார்க்கிறோம்" என்று சொல்லிவிடுவது மேல்.

இன்னொன்று. சொடுக்கியவுடன் பலரும் கணினியின் மின்சாரத்தை நிறுத்திவிடுகிறார்கள். இந்த வகை மோசடியில் களவு நடப்பது கணினியில் அல்ல என்பதால் அதனால் பயன் எதுவும் இல்லை. கணினி அணைந்துவிட்டது, ஆபத்து நீங்கிவிட்டது என்று அவர்கள் சும்மா இருந்துவிடுவதுதான் மிச்சம்.

சட்டப் பக்கம் பார்த்தீர்களா? இணையப் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பான CERT-In 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவின்படி, பட்டியலில் உள்ள நிகழ்வுகளை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். இப்படி ஏமாற்றிக் கடவுச்சொல்லைப் பறிக்கும் ஃபிஷிங்கும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. முகவரி incident@cert-in.org.in, எண் 1800-11-4949. நுழைவுப் பதிவுகளையும் 180 நாள் வைத்திருக்க வேண்டும்.

தறிமேடை | 2.10

சனிக்கிழமை இரவு அனுப்பிவிட்டேன். ஆனால் ஸ்டோர் பெரியவர் வியாழன் 4 மணிக்கே சந்தேகப்பட்டார் என்றால், நிறுவனம் "அறிந்தது" எப்போது என்று கொள்வது? எங்கள் மேலாளர் இதைக் கேட்டு முகம் வெளுத்துவிட்டார்.

வேலியோரம் | 2.17

என் பார்வையில் பொறுப்பில் இருப்பவருக்குத் தெரிந்த நேரம்தான் கணக்கு. ஆனால் நான் வழக்கறிஞன் அல்ல. இதை ஒருவரிடம் கேட்டுவிடுங்கள்.

காவற்படி | 2.26

எனக்கு அவ்வளவு உறுதி இல்லை. அலுவலகத்தில் ஒருவருக்குத் தெரிந்தது நிறுவனத்துக்குத் தெரிந்தது ஆகாது என்று வாதிடலாம். ஆகும் என்றும் வாதிடலாம்.

அறிவிப்புக்குத் திரும்புவோம். முகவரியைப் படிப்பது எப்படி என்று ஒரே ஒரு வரியில் சொல்லிக்கொடுங்கள். கடவுச்சொல் கேட்கும் பக்கத்தின் முகவரியில் `https://` என்பதற்குப் பின் வரும் முதல் சாய்கோட்டைக் கண்டுபிடித்து, அங்கிருந்து இடப்பக்கமாகப் பின்னோக்கிப் படிக்க வேண்டும். எடுத்துக்காட்டாக

```
https://login.example.com.po-view.example/signin
```

இதில் `example.com` கண்ணில் பட்டாலும் இந்தத் தளத்தின் உரிமையாளர் `po-view.example` தான். பார்சலின் முகவரியில் முதலில் யார் பெயர் எழுதியிருந்தாலும் அது போய்ச் சேருவது கடைசியில் இருக்கும் ஊருக்குத்தானே, அதைப் போல. அலைபேசியில் முகவரியின் பெரும்பகுதி மறைந்துவிடும் என்பதால் அங்கே இந்த வழி உதவாது. ஆகவே மின்னஞ்சலில் வந்த இணைப்பின் வழியாக அலைபேசியில் கடவுச்சொல் தட்டவே கூடாது என்று சொல்லிவிடுங்கள். உலாவியில் கடவுச்சொல்லைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு எளிய அடையாளம் ஒன்று உண்டு: எப்போதும் தானாக நிரப்பும் உலாவி இன்று நிரப்பாமல் வெறுமனே நின்றால் அங்கேயே கையை எடுத்துவிட வேண்டும்.

தறிமேடை | 4.35

இரண்டு முறை திருத்தி எழுதியது கீழே இருக்கிறது. மின்னஞ்சலில் மட்டும் அனுப்பாமல் அச்சிட்டு வருகைப் பதிவு இயந்திரத்தின் அருகிலும் கேன்டீனிலும் ஒட்டுகிறோம். "இது உண்மையிலேயே கணினிப் பிரிவு அனுப்பியதா?" என்று யாருக்காவது சந்தேகம் வந்தால் சுவரில் பார்த்து உறுதிப்படுத்திக்கொள்ளலாம்.

> நூல் மில்லின் பெயரில் வரும் மோசடி மின்னஞ்சல்
>
> கடந்த வியாழக்கிழமை முதல் "Revised Purchase Order" என்ற தலைப்பில் நம் பணியாளர்கள் 31 பேருக்கு மோசடி மின்னஞ்சல் வந்துள்ளது. அது நமக்குத் தெரிந்த ஒரு மில்லின் உண்மையான முகவரியிலிருந்தே வந்தது. ஆகவே தெரிந்தவரிடமிருந்து வந்தது என்பதை மட்டும் வைத்து நம்பிவிட வேண்டாம். பர்சேஸ் ஆர்டரை மில்லுக்கு அனுப்புவது நாம்தான், மில் நமக்கு அனுப்புவதில்லை என்பதை ஸ்டோர் பிரிவில் ஒருவர் கவனித்தார். அப்படி வேலை முறைக்குப் பொருந்தாத எதுவும் சந்தேகத்துக்கு உரியதே.
>
> மின்னஞ்சலில் வந்த இணைப்பைத் திறந்த பிறகு கடவுச்சொல் கேட்டால், தட்ட வேண்டாம். பக்கத்தை மூடிவிட்டு உள்எண் 214-ஐ அழையுங்கள். அலைபேசியிலும் இதுவே விதி. நீங்களாக நுழைய முயலாத நேரத்தில் அலைபேசியில் ஒப்புதல் கேட்டால் மறுத்துவிட்டு 214-ஐ அழையுங்கள்.
>
> ஏற்கெனவே கடவுச்சொல் கொடுத்திருந்தால், அது எந்த நாளாக இருந்தாலும், இப்போதே 214-ஐ அழையுங்கள். கணினியை அணைக்க வேண்டாம்; மின்னஞ்சலை அழிக்க வேண்டாம். உங்கள் கணக்கிலிருந்து மற்றவர்களை வெளியேற்றும் வேலையை நாங்கள் செய்கிறோம். சொன்னதற்காக யார் மீதும் நடவடிக்கை இல்லை.
>
> வங்கிக் கணக்கு மாறிவிட்டதாக யார் எழுதினாலும், அந்த மின்னஞ்சலில் உள்ள எண்ணுக்கு அல்லாமல் நம்மிடம் முன்பே உள்ள எண்ணுக்கு அழைத்து, பேசி உறுதிசெய்த பிறகே கணக்குப் பிரிவு மாற்ற வேண்டும்.
>
> உள்எண் 214: காலை 8.30 முதல் இரவு 8 வரை. மற்ற நேரத்தில் வாயில் காவலரிடம் சொன்னால் அவர் எங்களை அழைப்பார்.
>
> இந்த அறிவிப்பில் இணைப்பு எதுவும் இல்லை. கணினிப் பிரிவு உங்கள் கடவுச்சொல்லைக் கேட்காது.

முகவரியைப் படிக்கும் முறையைச் சேர்க்கவில்லை. அதை நேரில் செய்துகாட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். "நடவடிக்கை இல்லை" என்ற வரிக்கு மேலாளர் அரை மனதோடுதான் கையெழுத்திட்டார்.

முத்துச்சரம் | 4.50

அந்த வரியில் எனக்கும் அரை மனதுதான். காவலர் ஏற்பாடு நன்று.

காவற்படி | 5.02

சரியாக இருக்கிறது. நீங்கள் சிக்கிய இருவரை மட்டும் சொன்னீர்கள். 31 பேரின் நுழைவுப் பதிவுகளையும் வியாழன் மதியத்திலிருந்து பார்த்தீர்களா? பழகாத ஊரிலிருந்தோ வாடகைச் சேவையகங்களின் முகவரியிலிருந்தோ வந்த நுழைவு இருக்கிறதா என்று தேடுங்கள். ஒப்புக்கொண்டவர்கள் இருவர் என்பதால் சிக்கியவர்கள் இருவர்தான் என்று ஆகிவிடாது.

தறிமேடை | புதன், காலை 10.15

பார்த்தேன். மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார், கணக்குப் பிரிவில். அறிவிப்பு ஒட்டிய மறுநாள் காலை அவரே 214-ஐ அழைத்துச் சொன்னார். நான் பதிவுகளில் அவர் பெயரைக் கண்டுபிடித்து அரை மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை. இதுவரை ஒன்பது அழைப்புகள் வந்திருக்கின்றன. ஏழு உண்மையான மின்னஞ்சல்கள். பார்த்துச் சொல்ல ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிமிடம் போகிறது, உதவியாளர் முணுமுணுக்கிறார். ஒன்று கணக்குப் பிரிவுக்காரருடையது. மற்றொன்று சாயப்பட்டறை ஒன்றின் முகவரியிலிருந்து வந்திருக்கும் அதே மங்கலான பிடிஎஃப். தலைப்பு மட்டும் "Revised Invoice" என்று மாறியிருக்கிறது. ஸ்டோர் பெரியவர் கண்டுபிடித்த தவறை அவர்களும் திருத்திக்கொண்டுவிட்டார்கள். சாயப்பட்டறைக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டேன்; சுவரில் ஒட்டியதை இப்போது மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன்.